மூன்று கட்ட அகலத்தில் எழுத்து பிழைக்குமா?

குறுக்குத் தையலில் எழுத்துப் போட மிகச் சிறிய அளவு எது என்று கேட்டால், 3×5 என்பதே வழக்கமான பதில். மூன்று கட்டம் அகலம், ஐந்து கட்டம் உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருபத்தாறையும் அதற்குள் அடக்கிக் காட்டும் மாதிரிகள் நிறைய உண்டு. ஆனால் அடங்குவது வேறு, படிக்க முடிவது வேறு. கீழே உள்ளவை இடமிருந்து வலமாக ‘எச்’, ‘கே’, ‘எக்ஸ்’. கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு தையல்.

```
■□■   ■□■   ■□■
■□■   ■□■   ■□■
■■■   ■■□   □■□
■□■   ■□■   ■□■
■□■   ■□■   ■□■
```

நடு வரிசையை விரலால் மறைத்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான். ‘எச்’சுக்கும் ‘கே’வுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு தையல், ‘கே’வுக்கும் ‘எக்ஸ்’சுக்கும் நடுவேயும் அதே ஒன்று. இரவு விளக்கில் தைப்பவர் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் எழுத்து கெட்டுப்போகாது, வேறு எழுத்தாகிவிடும். அது இன்னும் மோசம். கெட்ட எழுத்து உடனே கண்ணில் படும். மாறிய எழுத்து சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் தெரியும்.

ஓர் எழுத்துத் தொகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்து ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க அழகாக இருக்கிறதா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, ஓர் எழுத்துக்கும் அதன் நெருங்கிய ஜோடிக்கும் இடையே எத்தனை தையல் வேறுபடுகிறது என்பதை. இதற்குக் கணக்கு எதுவும் படித்திருக்க வேண்டாம். இரண்டு எழுத்துகளையும் அருகருகே கிராஃப் தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, மாறுபடும் கட்டங்களை எண்ணினால் போதும். வழக்கமான 5×7 எழுத்தில் ‘எச்’சுக்கும் ‘கே’வுக்கும் 11 கட்டங்கள் மாறுபடும். இரண்டு நிரலும் இரண்டு வரிசையும் கூட்டியதற்குக் கிடைத்த பலன் அது.

3×5 ஏன் இவ்வளவு நெருக்கடியானது என்பதை அதன் நடு நிரல் விளக்கிவிடும். ‘எச்’, ‘எம்’, ‘என்’, ‘யூ’, ‘ஓ’, ‘ஏ’, ‘டபிள்யூ’ ஆகிய எழுத்துகளுக்கெல்லாம் இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு. மூன்று நிரல்களில் இரண்டு அதற்கே போய்விடுகின்றன. மிஞ்சுவது நடுவில் ஐந்தே கட்டங்கள். மூன்றாம் கட்டத்தைத் தைத்தால் ‘எச்’. ஐந்தாவதைத் தைத்தால் ‘யூ’. முதலும் ஐந்தும் என்றால் ‘ஓ’, முதலும் மூன்றும் என்றால் ‘ஏ’. இரண்டாவதை மட்டும் தைத்தால் ‘எம்’ என்று சொல்லிக்கொள்ளலாம், நான்காவதை மட்டும் தைத்தால் ‘டபிள்யூ’ என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் ‘எச்’சின் குறுக்குக்கோடு ஒரு படி ஏறியது, ஒரு படி இறங்கியது என்று படிப்பவரும் இருப்பார்கள். ‘என்’னுக்கு இங்கே இடமே இல்லை. அதன் அடையாளமே மேல் இடமிருந்து கீழ் வலத்துக்கு இறங்கும் சாய்கோடு. சாய்வு என்று ஒன்று தெரிய வேண்டுமானால் இரண்டு கோடுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு நிரல் வேண்டும்.

ஆகவே 3×5 எழுத்துத் தொகுதி ஒன்றை எடை போட இருபத்தாறையும் பார்க்க வேண்டியதில்லை. முதலில் ‘என்’, ‘எம்’, ‘டபிள்யூ’ மூன்றையும் பாருங்கள். இவற்றுக்கு மட்டுமாவது அகலத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால், போட்டவர் யோசித்துப் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் மூன்று நிரலுக்குள் திணித்திருந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம்.

துணியில் இத்தனை சின்ன எழுத்து வேண்டியிருந்ததற்கு ஐரோப்பாவில் நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது. படுக்கை விரிப்பு, மேசைத் துணி, சட்டை என்று வீட்டிலிருந்து சலவைக்குப் போகும் லினன் துணி ஒவ்வொன்றிலும் உரியவரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் தைத்து வைப்பார்கள். அந்த வேலைக்குச் சிறுமிகளைப் பழக்கத்தான் மாதிரித் துணிகளில் எழுத்து வரிசைகள் இடம்பெற்றன. தேதியிட்ட ஆங்கில மாதிரித் துணிகளில் மிகப் பழையது 1598இல் ஜேன் போஸ்டாக் தைத்தது; இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1596இல் ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியும் எழுத்து வரிசையும் அதில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களின் சிறுமிகள் இந்த வேலையை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். பெரும்பாலும் சிவப்பு நூல் ஒன்றையே வைத்துக்கொண்டு, ஒரே துணியில் பல அளவுகளில் பல எழுத்துத் தொகுதிகளை வரிசை வரிசையாகத் தைத்திருக்கிறார்கள். சலவைக் குறிக்கு அழகு இரண்டாம்பட்சம். நூறு விரிப்புகளுக்கு நடுவே இன்னார் வீட்டுத் துணி இது என்று தெரிந்தாக வேண்டும். எழுத்துக்கு இதைவிடக் கறாரான தேர்வு வேறு இல்லை.

இன்று கணினி இருக்கிறதே, பிடித்த எழுத்துருவை எடுத்துச் சுருக்கிக் கட்டத்தில் விழவைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். வரைபட மென்பொருள்கள் அதைத்தான் செய்கின்றன. பெரும்பாலான கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது. கொம்பும் குஞ்சமும் இல்லாத சாதாரண அச்செழுத்தில் செங்குத்துக் கோட்டின் தடிமன் பெரும்பாலும் எழுத்து உயரத்தில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஏழு கட்ட உயரத்துக்குச் சுருக்கினால் அந்தக் கோடு ஒரு கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அது ஒரு நிரலுக்குள் நேராக விழுந்தால் நல்லது. இரண்டு நிரல்களின் எல்லைமேல் விழுந்தால் ஒவ்வொன்றிலும் பாதிக்குக் கீழேதான் நிரம்பும். பாதிக்குமேல் நிரம்பிய கட்டத்தையே தை என்பது மென்பொருளின் விதியானால் கோடு முழுவதும் காணாமல் போகும். விதியைத் தளர்த்தினால் இரண்டு நிரலும் நிரம்பிக் கோடு இரட்டைத் தடிமனாகும். இதனால் ஒரே எழுத்தின் இடக்கால் ஒரு கட்டமும் வலக்கால் இரண்டு கட்டமுமாக நிற்கும். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும் புத்தக எழுத்து என்றால் மெல்லிய கோடுகள் அனைத்தும் உதிர்ந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: வரைபடத்தில் உள்ள செங்குத்துக் கோடுகள் எல்லாவற்றின் அகலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் கலந்து வந்தால் அது சுருக்கிய எழுத்து, கட்டத்தில் வரைந்த எழுத்து அல்ல.

கணினித் துறையும் இதே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்கு எழுத்துருக்கள் வரைந்த சூசன் கேர், திரையில் புள்ளி வைத்து வரைவதை மொசைக், ஊசித் தையல் போன்ற பழைய கலைகளோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். அவர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துருவில் பல்பல்லாகத் தெரியும் சாய்வுகள் இருக்கக் கூடாது என்பது நோக்கம். எழுத்துக்கு ஏற்ப அகலம் மாறுவதும் அந்தக் கணினியின் சிறப்பு. ஒல்லி எழுத்தும் பருத்த எழுத்தும் ஒரே அகலப் பெட்டியில் அடைபடவில்லை. அந்தத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். பரவலாகக் கிடைக்கும் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். அவருக்கு நெருக்கடியாக இருந்ததைவிட ஐந்து மடங்கு முரட்டுத்தனமான திரையில் வேலை செய்கிறோம்.

துணி திரையும் அல்ல. திரையில் ஒரு கட்டம் கறுப்பு என்றால் முழுக் கறுப்பு, பக்கத்துக் கட்டம் வெள்ளை என்றால் முழு வெள்ளை. துணியில் நூல் தன் கட்டத்துக்குள் ஒடுங்கி உட்காருவதில்லை. 14 எண்ணிக்கை ஐடாவில் ஒரு கட்டம் 1.8 மில்லிமீட்டர். ஆறு இழை நூலிலிருந்து இரண்டு இழையைப் பிரித்துத் தைக்கும்போது, தையல் உப்பிப் பக்கத்துக் கட்டத்தை ஓரமாகக் கொஞ்சம் விழுங்கும். ஒரு பக்கம் மட்டும் தையல் இருந்தால் இந்த விழுங்கல் தெரியாது. நான்கு பக்கமும் தையல் சூழ்ந்த ஒற்றை வெற்றுக் கட்டம் என்றால் நான்கு பக்கமும் குறுகும். 3×5 ‘ஏ’யின் தலைக்குள் இருக்கும் ஓட்டை அப்படிப்பட்ட ஒற்றைக் கட்டம்தான். வெள்ளைத் துணியில் கருநீல நூல் என்றால் தப்பித்துவிடும். கிரீம் நிறத் துணியில் வெளிர் ரோஜா நூல் என்றால் ஓட்டை மூடி, தலை ஒரு கட்டியாகத் தெரியும். நிரப்பிய கட்டத்தைவிட வெற்றுக் கட்டமே பலவீனமானது. தடித்த எழுத்து தெளிவாக இருக்கும் என்று எண்ணிக் கோடுகளை இரட்டிப்பவர்கள் உள்வெளியையும் அதே அளவு அகலப்படுத்த மறந்தால், தெளிவுக்குப் பதிலாகக் கறைதான் கிடைக்கும்.

வெற்றுக் கட்டத்துக்குப் பின்பக்கத்திலிருந்தும் ஆபத்து உண்டு. ஓர் எழுத்தை முடித்து அடுத்த எழுத்துக்குப் போகும்போது நூலை வெட்டாமல் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், கறுப்பு, சிவப்பு போன்ற அடர்நிற நூல் வெளிர்த் துணியின் துளைகள் வழியே நிழலாகத் தெரியும். பெரிய பூவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரே கட்டம் இடைவெளி விட்ட எழுத்தில் அந்த நிழல் இரண்டு எழுத்துகளை ஒட்டிவிடும்.

சாய்கோட்டில் மட்டும் துணி நமக்குக் கொஞ்சம் சலுகை தருகிறது. மூலைக்கு மூலை தொடும் இரண்டு தையல்கள் ஒரே துளையைப் பங்கிட்டுக்கொள்வதால் துணியில் அவை இணைந்தே தெரியும். ஒவ்வொரு தையலிலும் மேலே படியும் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் முக்கியம். எழுத்தின் சாய்கோடும் மேல்காலும் ஒரே திசையில் போனால் கால்கள் ஒன்றின் நுனியில் ஒன்று சேர்ந்து ஒரு கோடாக ஓடும். எதிர்த் திசையில் போனால் படிக்கட்டாகத் தெரியும். எல்லா மேல்காலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது பழைய விதி. எந்தப் பக்கம் என்பதைத் தைக்கும் சொல்லில் எந்தச் சாய்வு அதிகம் என்று பார்த்து முடிவு செய்துகொள்வது நல்லது.

ஒரு சொல்லைப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் நார்விச் நகரின் பெயர் இதற்கு ஏற்றது. அதன் ஆங்கில எழுத்துக்கோவையில் தொல்லை கொடுக்கும் ‘என்’, ‘ஆர்’, ‘டபிள்யூ’ மூன்றும் உண்டு. ஒல்லியான ‘ஐ’யும் உண்டு. ஐந்து கட்ட உயரம் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஏழு எழுத்துகளில் ‘ஐ’க்கு ஒன்று, மற்றவற்றுக்கு மூன்று என்று கொடுத்தால் எழுத்துகளுக்கு 19, ஆறு இடைவெளிக்கு 6, ஆக 25 நிரல். ‘என்’னுக்கு நான்கும் ‘டபிள்யூ’வுக்கு ஐந்தும் கொடுத்தால் 28 நிரல் ஆகிறது. 14 எண்ணிக்கைத் துணியில் அது சரியாக இரண்டு அங்குலம். கூடுதலாகப் போனது மூன்று நிரல், அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு எழுத்துகளின் உயிரைக் காக்க அது அதிக விலை அல்ல.

இன்னும் ஒரு சிக்கல் தீரவில்லை. மூன்று நிரல் எழுத்தின் உள்வெளி ஒரு கட்டம். எழுத்துக்கு எழுத்து விட்ட இடைவெளியும் ஒரு கட்டம். உள்ளும் வெளியும் ஒரே அகலமாகிவிட்டதால், எந்தக் கோடு எந்த எழுத்துக்குச் சொந்தம் என்று கண் தடுமாறுகிறது. ‘ஓ’, ‘எச்’ போன்றவை தப்பிக்கின்றன. அவற்றின் இரண்டு கால்களையும் ஒரு குறுக்குக்கோடு கட்டிப் பிடித்திருக்கிறது. ‘ஐ’க்கு அப்படி எதுவும் இல்லை. தனிக்கோடாக நிற்கும் அதை இடப்பக்கம் ‘டபிள்யூ’வின் காலும் வலப்பக்கம் ‘சி’யின் முதுகும் இழுத்துக்கொள்ளும். அதனால் ‘ஐ’யின் இரு பக்கமும் இரண்டு கட்டம் விட வேண்டும். ‘சி’க்கும் ‘எச்’சுக்கும் நடுவே ஒன்றே போதும், ஏனென்றால் ‘சி’யின் திறந்த வாயே அங்கே வெளியைக் கூட்டிக் கொடுக்கிறது. முடிவில் 30 நிரல், அதாவது 5.4 சென்டிமீட்டர்.

```
■□□■□■■■□■■□□■□□□■□□■□□■■■□■□■
■■□■□■□■□■□■□■□□□■□□■□□■□□□■□■
■□■■□■□■□■■□□■□■□■□□■□□■□□□■■■
■□□■□■□■□■□■□■■□■■□□■□□■□□□■□■
■□□■□■■■□■□■□■□□□■□□■□□■■■□■□■
```

இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லாத எழுத்து ‘ஆர்’. அதன் தலைக்குள் இருக்கும் ஓட்டை மேலே சொன்ன ஒற்றைக் கட்டம். வலது மேல் மூலையைத் தைக்காமல் விட்டதால் வட்டத்தின் சாயல் கிடைக்கிறது. ‘ஏ’யிடமிருந்து அதைப் பிரிப்பதும் வலப்பக்கம் விடுபட்ட இரண்டு மூலைகள்தாம். அடர்ந்த நிற நூலாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிர் நூல்தான் வேண்டும் என்றால் 5×7க்குப் போக வேண்டியதுதான். அப்போது எழுத்துகளுக்கு மட்டும் 31 நிரல். உள்வெளி மூன்று கட்டமாக விரிந்துவிடுவதால் இடைவெளியையும் இரண்டாக்க வேண்டும்; மொத்தம் 43 நிரல், 7.8 சென்டிமீட்டர். இடமும் இல்லை, தெளிவும் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது வழி, 28 எண்ணிக்கை லினனில் இரண்டு நூலுக்கு ஒரு தையல் என்ற வழக்கத்தை விட்டு, ஒரு நூலுக்கு ஒரு தையலாகப் போடுவது. ஏழு கட்ட எழுத்தும் அப்போது ஆறரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். கண்ணுக்குத்தான் கஷ்டம்.

தைக்கும் முன் வரைபடத்தை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள், அல்லது கைபேசியில் படமெடுத்து நகத்தின் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். என்ன சொல் என்று தெரியாத ஒருவரிடம் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. நமக்குச் சொல் தெரிந்திருப்பதால் கண் இல்லாத கோட்டையும் சேர்த்துப் படித்துவிடும். மேட்டித் துணியோ லினனோ வாங்கினால், ஓர் அங்குலத்தில் பாவு நூலையும் ஊடை நூலையும் தனித்தனியே எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் கிராஃப் தாளில் சதுரமாக இருந்த எழுத்து துணியில் நெடுக்காகவோ குட்டையாகவோ மாறும். ஏழு வரிசையில் கவனத்துக்கு வராத இந்த மாற்றம் நீண்ட வாசகத்தின் அகலத்தில் சட்டத்தையே மீறிவிடும்.

தமிழில் பெயர் தைக்க நினைப்பவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கறாராக வரும். தமிழ் பிராமியின் ‘க’ வெறும் கூட்டல் குறி. 3×3 கட்டத்தில் ஐந்தே தையலில் முடிந்துவிடும். அந்தச் சொகுசு இன்றைய எழுத்தில் இல்லை. ‘ட’, ‘ப’ இரண்டும் எந்தக் கட்டத்திலும் பிழைத்துக்கொள்ளும். ‘கண்ணன்’ என்று தைத்துப் பாருங்கள். ரெண்டு சுழி ‘ன’வை விட மூணு சுழி ‘ண’வுக்கு இன்னொரு கோடும் இன்னொரு வெளியும் வேண்டும், அதாவது இரண்டு நிரலாவது கூட வேண்டும். இரண்டையும் ஒரே அகலப் பெட்டியில் அடைத்தால் ஒரு சுழி கட்டாயம் அடைபடும். ‘ர’வைத் துணைக்காலிடமிருந்து பிரிப்பது அதன் அடிவால், ‘எ’யை ‘ஏ’யிடமிருந்து பிரிப்பதும் ஒரு வால்தான். ஒரே தையலில் நிற்கும் அந்த வால்களை இரண்டு மூன்று தையலாக நீட்டித் தைப்பது அவசியம். மேலே புள்ளிக்கு ஒரு கட்டமும், அது எழுத்தோடு ஒட்டாமலிருக்க அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டமும் தேவை. அடியில் உகரக் குறிக்கு இரண்டு வரிசை. நடு உடலுக்கு ஏழு வரிசை கொடுத்தால் மொத்தம் பதினொன்று. 14 எண்ணிக்கை ஐடாவில் அது இரண்டு சென்டிமீட்டர் உயரம். வரி போடும்போது இந்தப் பதினொன்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் தையலைத் தொடங்க வேண்டும். ‘ப’வையும் ‘ட’வையும் மட்டும் பார்த்து ஏழு போதும் என்று துணியை வெட்டிவிட்டால், முதல் ‘கு’ வரும் இடத்தில் அடிவரிசையோடு மோதும்.